அலமாரியில் 61 நாள்: ஒரு பாஸ்பைடு மரணமும் அதன் விசரா அறிக்கையும்

“நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை.” இந்த ஒற்றை வரியோடு ஆய்வகத்திலிருந்து தாள் வந்தபோது, அந்தப் பெண் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. உடற்கூறாய்வு செய்தவன் நான். விசரா, அதாவது நஞ்சு ஆய்வுக்கு அனுப்பும் உள்ளுறுப்பு மாதிரிகள், அவற்றின் அறிக்கை வரும்வரை இறப்பின் காரணத்தைச் சொல்லாமல் நிறுத்தி வைத்திருந்தவனும் நான்தான். தாளைக் கொண்டுவந்த ஏட்டு, “ஐயா, இறுதிக் கருத்தைக் கொடுத்துவிட்டால் கோப்பை முடித்துவிடலாம்” என்றார். முடித்துவிடலாம் என்று அவர் சொன்னதன் பொருள், இயற்கை மரணம் என்று எழுதி அலமாரியில் வைத்துவிடலாம் என்பதுதான். அந்த வரியைப் படிப்பவர் எவரும் அப்படித்தான் நினைப்பார். அது ஏன் தவறான வாசிப்பு என்பதற்காகத்தான் இந்த வழக்கை எழுதுகிறேன். ஆட்களையும் ஊரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 26 வயது. திருமணமாகி நான்கு ஆண்டுகள். கணவர் நெல் சேமிப்புக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தார். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையங்களிலிருந்து வந்த மூட்டைகள் கிடங்கு நிறைய அடுக்கியிருந்த மே மாதம். அந்த நாட்களில் வண்டும் அந்துப்பூச்சியும் வராமலிருக்க, மூட்டை அடுக்குகளைத் தார்ப்பாயால் மூடி உள்ளே மாத்திரைகள் வைப்பார்கள். அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும். பூச்சியைக் கொல்வது அந்த வாயுதான். வயிற்றுக்குள் போனாலும் இதுவேதான் நடக்கிறது. அங்குள்ள நீரும் அமிலமும் பட்டு வாயு வெளிவந்து இரத்தத்தில் கலந்து, இதயத் தசையின் செல்களுக்குள் மூச்சுவிடும் வேலையையே நிறுத்திவிடுகிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது.

மாலை ஐந்தரை மணிக்கு வாந்தி தொடங்கியது என்று மாமியார் சொன்னார். மதியம் சாப்பிட்ட பழைய மீன் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர் விளக்கம். ஏழு மணிக்குச் சற்று முன் வட்ட மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த நீரால் வயிற்றைக் கழுவிவிட்டு, 108 வண்டியில் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். எட்டரைக்கு வந்து சேர்ந்தபோது நாடித் துடிப்பு கைக்கு எட்டவில்லை. இரத்த அழுத்தம் அளக்க முடியாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. பெயர் கேட்டால் சொன்னார், தண்ணீர் கேட்டார். மறுநாள் காலை பதினொன்றேகால் மணிக்கு, இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தார். ஏறத்தாழ 18 மணி நேரம்.

திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் நேர்ந்த மரணம் என்பதால் கோட்டாட்சியர் விசாரணை நடந்தது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு; 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அதே வேலையைப் புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவு செய்கிறது. அவர் இறந்த மறுநாள் காலை உடலைத் திறந்தேன். இரைப்பையைத் திறந்ததும் பூண்டு அழுகியது போன்ற வாடை வந்தது. உட்சுவர் முழுக்கச் சிவந்து, ஆங்காங்கே இரத்தம் கசிந்திருந்தது. நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றிலும் இரத்தத் தேக்கம். கண்மணி சுருங்கியிருக்கவில்லை, வாயில் நுரை இல்லை. வயல் மருந்துகளில் பல சேர்ந்த ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சாக இருந்தால், உயிரோடு இருந்தபோதே கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சிலும் வியர்வையும் வழிந்திருக்கும். மருத்துவமனைக் குறிப்பில் அது எதுவும் இல்லை. என் குறிப்பேட்டில் “பாஸ்பைடு வகையா?” என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

பிறகு வழக்கமான முறைப்படி மாதிரிகளை எடுத்தேன். இரைப்பை முழுவதும் அதில் இருந்த பொருளோடும், சிறுகுடலின் மேற்பகுதியில் சுமார் 30 சென்டிமீட்டரும் ஒரு பாட்டிலில். கல்லீரலில் அரைக் கிலோ அளவும் இரண்டு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதியும் இன்னொன்றில். இவற்றுக்குக் கெடாமலிருக்கச் சேர்ப்பது நிறைவுற்ற உப்புக் கரைசல். சாதாரணச் சமையல் உப்புதான், இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்தது. இரத்தம் சோடியம் ஃப்ளோரைடு போட்ட சிறு பாட்டிலில். நான்காவதாக, நாம் பயன்படுத்திய உப்புக் கரைசலிலேயே கொஞ்சம் தனியாக. கரைசலில் ஏற்கெனவே எதுவும் கலந்திருக்கவில்லை என்று காட்ட அது வேண்டும். இதயம், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகள் மட்டும் ஃபார்மலினில், திசு ஆய்வுக்குத் தனியே. ஃபார்மலினைத் தவறுதலாக விசரா பாட்டிலில் ஊற்றிவிட்டால் அந்த மாதிரி நஞ்சு ஆய்வுக்குப் பெரும்பாலும் பயனற்றுப் போகும். பிணவறையில் இரண்டு கேன்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. அன்று அந்தத் தவறு நடக்கவில்லை.

நடந்தது வேறு. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடவேண்டும் என்பது பொது விதி. உறுப்பு அழுகும்போது வாயு உண்டாகும். இடமில்லாவிட்டால் மூடி தெறித்துவிடும். இந்த விதி வயல் மருந்துக்கும் உலோக நஞ்சுக்கும் சரி. பாஸ்பைடுக்கு அந்தக் காலியிடம்தான் முக்கியமான மாதிரி. இரைப்பையில் மிச்சமிருக்கும் துகள்கள் உப்புக் கரைசலின் நீரிலும் கரைந்து பாஸ்பீனாகிக்கொண்டே இருக்கும். அந்த வாயு மேலே உள்ள வெற்றிடத்தில் சேரும். ஆய்வகத்தில் பாட்டிலைத் திறக்கும் முன்பே அந்த வெற்றிடத்திலிருந்து ஊசி போட்டு வாயுவை உறிஞ்சி எடுத்துச் சோதிக்க வேண்டும். மூடி இறுக்கமாக இல்லையென்றாலோ, வேறு சோதனைக்காக முதலில் திறந்துவிட்டாலோ, சோதிக்க எதுவும் மிஞ்சாது. மிஞ்சுவது பாஸ்பேட், அது எல்லா மனித உடலிலும் நிறைய இருப்பதால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அலுமினியத்தைத் தேடலாம் என்றால், வயிற்றுப் புண்ணுக்குக் குடிக்கும் ஜெல்லிலும் அலுமினியம் உண்டு, மண்ணிலும் உண்டு. எங்கள் பிணவறையில் அப்போது இருந்தவை திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில்கள். துணி கட்டி அரக்கு முத்திரை வைத்தோம். முத்திரை யாரும் திறக்கவில்லை என்பதற்குச் சான்று. வாயு வெளியேறவில்லை என்பதற்குச் சான்று அல்ல.

இனி அந்தப் பாட்டில்களின் பயணம். இதைப் பின்னால் காவல் நிலையப் பதிவேட்டிலிருந்தும் ஆய்வகத்தின் வரவுக் குறிப்பிலிருந்தும் நாள்வாரியாகச் சேர்த்தேன். உடற்கூறாய்வு நாளிலேயே ஒரு முதல்நிலைக் காவலர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். நீதித்துறை நடுவரின் கடிதம் கிடைக்க ஒன்பது நாள். அதற்குள் அந்தக் காவலர் தேர்த்திருவிழாப் பாதுகாப்புப் பணிக்குப் போய்விட்டார். பாட்டில்கள் நிலைய எழுத்தர் அறையின் அலமாரியில், மேற்கு பார்த்த சன்னலுக்குக் கீழே இருந்தன. அக்னி நட்சத்திரம் முழுவதும் அங்கேதான். 23ஆம் நாள் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார்கள். கடிதத்தோடு மாதிரி முத்திரைப் பதிவு இல்லை என்று வாங்க மறுத்துவிட்டார்கள். அது நியாயமான மறுப்புதான். பாட்டிலில் உள்ள முத்திரையும் பிணவறையில் வைத்த முத்திரையும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பதிவு இல்லாமல் முடியாது. மாதிரி முத்திரையைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டியது எங்கள் வேலை. எங்கள் அலுவலகத்தில் அது விடுபட்டிருந்தது. என்னிடம் வந்து கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை. அது 38 நாள் எடுத்தது. 61ஆம் நாள் ஆய்வகம் ஏற்றுக்கொண்டது. பிறகு வரிசையில் ஒன்பது மாதம்.

இத்தனை நாள் குளிர்பெட்டி இல்லாமல் இருந்த இரைப்பையில் பாஸ்பீன் கிடைத்திருந்தால்தான் ஆச்சரியம். இன்னொரு குறையும் இருந்தது, அதில் என் பங்கும் உண்டு. பாட்டில்களோடு போன கடிதத்தில் “நஞ்சு உள்ளதா என ஆய்ந்து தெரிவிக்கவும்” என்று மட்டும் இருந்தது. பூண்டு வாடை, பாஸ்பைடு ஐயம், கிடங்கு வேலை எதுவுமே இல்லை. என் உடற்கூறாய்வு அறிக்கை தட்டச்சாகி வர மூன்று வாரம் ஆனது. அது பாட்டிலோடு போகவில்லை. கேள்வி பொதுவாக இருந்தால் ஆய்வாளர் வழக்கமான வரிசையில் போவார்: கரைப்பானில் பிரித்தெடுத்து வயல் மருந்துகளுக்கு மென்படலச் சோதனை, ஆல்கலாய்டுகள், உலோகங்கள், கடைசியில் ஆவியாகும் நஞ்சுகள். பாஸ்பீனுக்கு இந்த வரிசை தலைகீழானது. அதை முதலில் தேடாவிட்டால் தேடவே முடியாது. “கண்டறியப்படவில்லை” என்ற சொல் உண்மையில் சொல்வது இவ்வளவுதான்: இந்த மாதிரியில், இந்த நாளில், இந்தச் சோதனைகளில் அகப்படவில்லை.

நஞ்சு உடலில் இல்லாமல் போவதற்கு மருத்துவமனையும் ஒரு காரணம். 18 மணி நேரம் உயிரோடு இருந்தவரின் வயிறு கழுவப்பட்டிருக்கிறது. பெர்மாங்கனேட் பாஸ்பீனை ஆக்சிகரணம் செய்து பாஸ்பேட்டாக்கிவிடும். அதைக் கொடுப்பதே அதற்காகத்தான். ஆகவே சான்று அதிகம் இருந்த இடம் என் பிணவறை அல்ல, வட்ட மருத்துவமனையின் கழிவுத் தொட்டி. முதலில் வெளியே வந்த வயிற்று நீரில் ஒரு பாட்டில் எடுத்து மூடி, பெயரும் நேரமும் எழுதிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் அதைக் கொட்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே அதற்கென ஒரு பாட்டில்கூட வைக்கப்படவில்லை என்பதுதான் குறை.

ஏட்டிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டுவிட்டு, மருத்துவமனையின் கேஸ் ஷீட்டை வரவழைத்தேன். நாற்பது பக்கம். ஏழாம் பக்கத்தின் ஓரத்தில், பயிற்சி மருத்துவராக இருந்த பெண் ஒருவர் சாய்வெழுத்தில் எழுதியிருந்தார்: இரவு 8.50, குழாயில் எடுத்த வயிற்று நீர், சில்வர் நைட்ரேட் தாள், கறுத்தது. அவ்வளவுதான்.

இந்தச் சோதனை மிக எளியது. வயிற்று நீரில் 5 மில்லி எடுத்து 15 மில்லி தண்ணீர் சேர்த்துக் கூம்புக் குடுவையில் விட்டு, சில்வர் நைட்ரேட் கரைசலில் நனைத்த வடிதாளால் வாயை மூடி, 50 டிகிரி அளவில் கால் மணி நேரம் மெதுவாகச் சூடாக்க வேண்டும். பாஸ்பீன் இருந்தால் தாள் கறுக்கும். ஒரே சிக்கல், ஹைட்ரஜன் சல்பைடும் அதைக் கறுக்கச் செய்யும். அழுகும் உடலில் அந்த வாயு ஏராளம். அதனால் பக்கத்தில் லெட் அசிட்டேட் தாள் ஒன்றும் வைக்க வேண்டும். அது சல்பைடுக்கு மட்டுமே கறுக்கும். சில்வர் தாள் கறுத்து லெட் தாள் வெள்ளையாகவே இருந்தால் பாஸ்பீன். இரண்டும் கறுத்தால் எதுவும் சொல்ல முடியாது. அந்த மருத்துவர் லெட் அசிட்டேட் தாளை வைக்கவில்லை.

ஆனால் நேரத்தைப் பாருங்கள். அவர் சோதித்தது வாந்தி தொடங்கி மூன்றரை மணி நேரத்தில், உயிரோடு இருந்தவரின் வயிற்றிலிருந்து அப்போதுதான் எடுத்த நீர். அங்கே அழுகல் தொடங்கவே இல்லை. அதே சோதனையை 61 நாள் வெயிலில் கிடந்த பாட்டிலில் செய்திருந்தால் இரண்டு தாளும் கறுத்திருக்கும்.

அதன்பின் மற்றவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எவ்வளவு மருந்து ஏற்றியும் ஏறாத இரத்த அழுத்தம். கடைசிவரை தெளிவான நினைவு. இரத்தத்தில் கடுமையான அமிலத்தன்மை. மணிக்கு மணி மாறிய இ.சி.ஜி.; இரைப்பையின் வாடையும் இரத்தக் கசிவும்; திசு ஆய்வில் இதயத் தசையில் வீக்கமும் சிறு சிறு சிதைவுகளும். கெட்டுப்போன மீன் குழம்பு இந்த வரிசையைத் தராது. அதே குழம்பைச் சாப்பிட்ட மற்ற நான்கு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது கோட்டாட்சியரின் விசாரணையிலேயே இருந்தது. என் இறுதிக் கருத்தில், ஆய்வகத்தின் முடிவை மறைக்காமல் முதலில் எழுதினேன். மாதிரி 61 நாள் குளிரூட்டாமல் இருந்ததையும், அதனால் அந்த முடிவு பாஸ்பைடை விலக்கவில்லை என்பதையும் அடுத்து எழுதினேன். நோய்க்குறிகளும் உடற்கூறும் படுக்கையருகுச் சோதனையும் சேர்ந்து பாஸ்பைடு நஞ்சினால் நேர்ந்த மரணத்தோடு ஒத்துப்போகின்றன என்று முடித்தேன். “நிச்சயம்” என்ற சொல்லை எழுதவில்லை. அதற்குரிய சான்று என்னிடம் இல்லை.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. கணவர் மீதும் மாமியார் மீதும் கொலை, அதற்கு மாற்றாக வரதட்சணை மரணம் என்று இரண்டு குற்றச்சாட்டுகள். சட்டத்தில் இந்த இரண்டுக்கும் நஞ்சு வேறு வேறு வகையில் தேவைப்படுகிறது. கொலைக்கு, நஞ்சால் இறந்தார், நஞ்சு குற்றம் சாட்டப்பட்டவரிடம் இருந்தது, கொடுக்க வாய்ப்பும் நோக்கமும் இருந்தன என்று ஒவ்வொன்றையும் காட்ட வேண்டும். 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது அது. வரதட்சணை மரணத்துக்கு யார் கையால் நஞ்சு போனது என்று காட்ட வேண்டியதில்லை. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் இயல்பற்ற மரணம், அதற்குச் சற்று முன்வரை வரதட்சணைக் கொடுமை என்று இருந்தால் போதும். ஆனால் மரணமே இயற்கையானது என்றால் இரண்டு குற்றச்சாட்டும் ஒன்றாக விழுந்துவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தம் குறுக்கு விசாரணை முழுவதையும் அந்த ஒற்றை வரியில் நிறுத்தினார்.

“டாக்டர், அரசின் ஆய்வகமே நஞ்சு இல்லை என்கிறது. நீங்கள் மட்டும் உண்டு என்கிறீர்கள், இல்லையா?”

“ஆய்வகம் நஞ்சு இல்லை என்று சொல்லவில்லை, ஐயா. கண்டறியப்படவில்லை என்கிறது.”

“இரண்டும் ஒன்றுதானே?”

நீதிபதி என்னை விளக்கச் சொன்னார். வாயுவையும் மூடியையும் 61 நாளையும் சொன்னேன். ஆய்வகத்தின் உதவி இயக்குநரையும் வரவழைத்துக் கேட்டார்கள். அரசு அறிவியலாளரின் அறிக்கையை அவரை அழைக்காமலே சான்றாக ஏற்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. தேவையென்றால் அழைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அவர் நேர்மையாகப் பதில் சொன்னார்: கடிதத்தில் பாஸ்பைடு ஐயம் குறிப்பிடப்படவில்லை, வெற்றிட வாயு தனியே சோதிக்கப்படவில்லை, வந்தபோது ஒரு மூடி தளர்ந்திருந்தது. அந்த மூன்றாவது செய்தி அறிக்கையில் இல்லை. அவருடைய வேலைக் குறிப்பேட்டில் இருந்தது.

அரசு வழக்கறிஞர் இரண்டு தீர்ப்புகளை எடுத்துக் காட்டினார். ஒன்று 1959இல் உச்ச நீதிமன்றம் அனந்த் சிந்தாமண் லாகு வழக்கில் சொன்னது. அதில் இறந்தவரின் உடலில் நஞ்சு எதுவும் அகப்படவில்லை. சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே மருத்துவரான லாகுவின் தண்டனை உறுதி செய்யப்பட்டது. இன்னொன்று 2014இல் ஜோஷிந்தர் யாதவ் வழக்கு. விசரா அறிக்கையே நீதிமன்றத்துக்கு வராத அந்த வழக்கிலும் தண்டனையை உறுதி செய்த உச்ச நீதிமன்றம், விசரா உடனே அனுப்பப்பட வேண்டும், ஆய்வகம் உடனே ஆய்ந்து அறிக்கை தர வேண்டும், வராவிட்டால் நீதிமன்றமே விளக்கம் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் பாட்டில் அலமாரியில் இருந்தது அந்தத் தீர்ப்புக்குப் பிந்தைய காலத்தில்.

சாட்சி சொன்னவர்களில் எல்லோரையும்விட உறுதியாக நின்றவர் அந்தப் பயிற்சி மருத்துவர். அப்போது வேறு மாவட்டத்தில் பணியில் இருந்தார். ஏன் லெட் அசிட்டேட் தாள் வைக்கவில்லை என்று அரை மணி நேரம் குடைந்தார்கள். “பிரிவில் அந்தக் கரைசல் இல்லை, இருந்ததை வைத்துச் செய்தேன்” என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மரணம் இயல்பற்றது என்று நீதிமன்றம் ஏற்றது. கணவருக்கு வரதட்சணை மரணத்துக்காகத் தண்டனை கிடைத்தது. கொலைக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. மாமியார் விடுவிக்கப்பட்டார்.

அதன்பிறகு என் பிணவறையில் மாறியவை சில. இரைப்பைக்கு மட்டும் கண்ணாடி பாட்டில், ரப்பர் அடைப்பான், அதைச் சுற்றி உருக்கிய மெழுகு. பாஸ்பைடு ஐயம் இருந்தால் லேபிளிலேயே சிவப்பில் “முதலில் வெற்றிட வாயு” என்று எழுதுகிறோம். உடற்கூறாய்வு முடிந்த அன்றே ஒரு பக்கச் சுருக்கத்தைக் கையால் எழுதிப் பாட்டிலோடு கட்டுகிறோம். மாதிரி முத்திரையை மெழுகில் பதித்து இரண்டு படி கொடுக்கிறோம். காவலர் அன்றே எடுத்துச் செல்ல முடியாவிட்டால் பாட்டில் எங்கள் குளிர்பெட்டியில் இருக்கும், நிலையத்துக்குப் போகாது.

ஒன்றை மட்டும் எந்தப் பாட்டிலாலும் சரிசெய்ய முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பல மணி நேரம் நினைவு தெளிவாக இருந்தது. பாஸ்பைடு அப்படித்தான், உடல் தளரும்போதும் பேச முடியும். மருத்துவமனையிலிருந்து புறக்காவல் நிலையத்துக்கு ஒன்பதே கால் மணிக்குத் தகவல் போயிருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. வாக்குமூலம் பெற நடுவர் வரவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதாகவும் குறிப்பு இல்லை. கேஸ் ஷீட்டின் நாற்பது பக்கத்திலும் அந்தப் பெண் தன் வாயால் சொன்னதாக எழுதப்பட்டவை தம் பெயரும், தண்ணீர் வேண்டும் என்பதும்தான்.

தீர்ப்பு நாளில் நீதிமன்ற வளாகத்தில் அவருடைய தாய் என்னிடம் வந்தார். “ஐயா, அவளாகத் தின்றாளா, அவர்கள் கொடுத்தார்களா? அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார்.

தெரியாது, அம்மா என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.